மாரி காலமும் அலைக் கூந்தலும்

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், வாவியின் மேற்குக் கரையில் உள்ள எமது பழுகாமத்தில் சில காட்சிகளை வீட்டுக்கு வீடு காணலாம். கொடியில் காயப்போட்ட சேலை இரண்டு நாளாகியும் ஈரமாகவே தொங்கும். உப்புச் சிரட்டையில் உப்பு கசிந்து நிற்கும். பொரித்து வைத்த பப்படம், சோறு பரிமாறுவதற்குள் துவண்டு போகும். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. காலையில் எண்ணெய் தடவி வாரிப் பின்னிய அலைமுடி, பத்து மணிக்குள் பின்னலை விட்டுக் கிளம்பிச் சிலும்பி, தலையைச் சுற்றிப் புகை மண்டலம்போல் நிற்கும்.

உப்பையும் பப்படத்தையும் பார்த்து நாம் காற்றைக் குறை சொல்கிறோம். கூந்தலைப் பார்த்தால் மட்டும் அதற்குரிய பெண்ணைக் குறை சொல்கிறோம். "பரட்டை" என்ற சொல் எத்தனை பெண் பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தியிருக்கிறது என்பதை, பாடசாலையிலும் கல்லூரியிலும் கற்பிக்கும் எம்மைப் போன்றோர் நன்கறிவோம்.

சென்ற மாரியில் எமது தமக்கையாரின் மகள் எம்மிடம் வந்தாள். வயது 23. ஆசிரியப் பயிற்சி பெறுபவள். நாள்தோறும் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் சென்று வருபவள். முதுகின் நடுவரை தொங்கும் அலைமுடி அவளுக்கு. "சின்னம்மா, இந்தத் தலையோடு பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி நிற்பது? தைக்குள் முடியை நேராக்கிவிடப் போகிறேன். காசும் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்றாள். அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா, "திரௌபதை அம்மன் கூந்தலை முடியாமல் இருந்ததற்குப் பாரதத்தில் பெரிய காரணம் இருந்தது, புள்ள. உனக்கு என்ன காரணம்? இறுக்கிப் பின்னிக் கட்டு" என்றார். திரௌபதை அம்மன் கோயில் உள்ள ஊர் அல்லவா. அவருக்கு உவமை தேட வேண்டியதில்லை.

காசைச் செலவிடுமுன் ஒரு மாதம் பொறுக்குமாறு அவளைக் கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு மாதத்தில் நாம் இருவரும் செய்து பார்த்ததும், அதற்கு அடிப்படையான காரணங்களுமே இக்கட்டுரை.

முடி ஏன் சிலும்புகிறது?

முடி காற்றின் ஈரத்தை உணர்வது புதிய செய்தியன்று. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சொசூர் என்ற அறிஞர், மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை அமைத்து, 1783ஆம் ஆண்டில் அதுபற்றி நூல் வெளியிட்டார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வரும்போது முடியின் நீளம் நூற்றுக்கு 2 பங்களவு கூடுகிறது. முள் நகர்ந்து அதைக் காட்டுகிறது. வானிலை நிலையங்களில் இத்தகைய முடிக் கருவிகள் நெடுங்காலம் பயன்பட்டன. ஆக, வாடைக்காலத்தில் எம் பெண்களின் தலையில் நிகழ்வது, அக்கருவியில் ஓர் இழைக்கு நிகழ்வதே. தலையில் அது இலட்சம் இழைகளுக்கு நிகழ்கிறது என்பதுதான் வேறுபாடு.

நீளம் சிறிதளவே கூடினாலும் முடியின் பருமன் அதிகம் கூடுகிறது. நீரில் முழுவதும் ஊறிய முடி ஏறக்குறைய நூற்றுக்கு 14 பங்கு தடிக்கிறது. முடியின் உள்ளே கெரட்டின் என்னும் புரத இழைகள் அடுக்கடுக்காய் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பவை இருவகைப் பிணைப்புகள். ஒன்று கந்தகத்தால் ஆன உறுதியான பிணைப்பு. நீர் அதை அசைக்காது. மற்றொன்று ஐதரசன் பிணைப்பு. நீர் பட்டால் அவிழும், உலர்ந்தால் மீண்டும் இறுகும். ஈரமுடியை எந்த வடிவில் உலரவிடுகிறோமோ அந்த வடிவிலேயே அது நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது வகையே. இரவில் பின்னிய ஈரக்கூந்தல் காலையில் பின்னலின் நெளிவோடு அவிழ்வதை யாவரும் கண்டிருப்போம்.

அலைமுடியில் இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் இழை உருண்டையாக அன்றிச் சற்றுத் தட்டையாக இருப்பதோடு, ஒரு பக்கமும் மறுபக்கமும் ஈரத்துக்கு ஒரே அளவில் இசைவதில்லை. காற்றின் ஈரம் உள்ளே புகுந்து ஐதரசன் பிணைப்புகளை அங்கங்கே அவிழ்க்கும்போது, ஒவ்வோர் இழையும் தன்போக்கில் வளைகிறது. பக்கத்து இழைகளோடு சேர்ந்து ஓர் அலையாய்க் கிடந்தது, கூட்டத்தை விட்டு விலகித் தனித்து எழுகிறது. இதுவே சிலும்பல். முடி வறண்டது என்பதன்று இதன் பொருள். இழைகள் ஒருங்கிணையாமல் உலர்ந்தன அல்லது உலர்ந்தபின் ஈரம் புகுந்து பிரிந்தன என்பதே பொருள்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று. கூந்தலின் ஒரு நாள் ஒழுங்கு, அது ஈரமாயிருந்து உலரும் அந்த ஓரிரு மணி நேரத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. உலர்ந்து சிலும்பிய பின் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் முடி பளபளக்கும், ஒழுங்குபடாது.

துவாய் செய்யும் தீங்கு

தமக்கையார் மகளை எம் கண்முன்னே முழுகி வரச் சொன்னோம். கிணற்றடியிலிருந்து வந்தாள். தடித்த துவாயால் தலையைப் பரபரவென்று தேய்த்தாள். பின்பு குனிந்து, முடியை முன்னே போட்டு, துவாயை முறுக்கி ஓங்கி ஓங்கி அடித்தாள். அடுத்து, மெல்லிய பல் சீப்பால் உச்சியிலிருந்து நுனிவரை இழுத்தாள். சீப்பில் வந்த முடியை எடுத்துப் பார்த்தோம். வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு நுனியில் வெண்மையான சிறு குமிழ் இருக்கும். இவற்றுள் பலவற்றில் அது இல்லை. நீளமும் குட்டையாய் இருந்தது. அவை உதிர்ந்தவையல்ல, அறுந்தவை. "முடி கொட்டுகிறது" என்று அவள் கவலைப்பட்டதில் ஒரு பங்கு, துவாயும் சீப்பும் செய்த வேலை.

முடியின் வெளிப்புறத்தைக் கிடுகு வேய்ந்த கூரைக்கு ஒப்பிடலாம். மேற்கிடுகு கீழ்க்கிடுகின் மீது படிந்திருப்பதுபோல், மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனிநோக்கிப் படிந்திருக்கின்றன. நனைந்த முடியில் இச்செதில்கள் சற்றுத் தளர்ந்திருக்கும். அப்போது துவாயின் சுருள் நூல்கள் அவற்றில் மாட்டி அவற்றைக் கிளப்பிவிடுகின்றன. கிடுகு கிளம்பிய கூரையில் மழை எளிதாய் இறங்குவதுபோல், செதில் கிளம்பிய முடியில் காற்றின் ஈரம் எளிதாய் இறங்கும். மேலும் நனைந்த முடி உலர்ந்த முடியைவிட வலிமை குன்றியது. இழுத்தால் அதிகம் நீளும், பின் அறும்.

ஆதலின் நாம் செய்த முதல் மாற்றம், துவாயை விலக்கியதே. பழைய பருத்தி ரீசேட் ஒன்றோ, துவைத்துத் துவைத்து மென்மையான சாரம் ஒன்றோ போதும். அதைக் கொண்டு முடியைத் தேய்க்கவும் முறுக்கவும் கூடாது. நுனியை உள்ளங்கையிலுள்ள துணியில் ஏந்தி, வேரை நோக்கி மேலே கொண்டுவந்து, பஞ்சைப் பிழிவதுபோல் மெல்லப் பொத்தி அழுத்த வேண்டும்.

கழுவாமல் விடும் பூச்சு

இனி முக்கியமான படி. கடைகளில் 'கண்டிஷனர்' எனப்படுவது இருவகை. ஒன்று, பூசி அலசிவிடுவது. மற்றொன்று, பூசி அப்படியே விடுவது; போத்தலில் 'லீவ்-இன்' என்று குறித்திருக்கும். மாரி காலத்துக்கு வேண்டியது இரண்டாவது.

இதன் வேலை எளிதில் விளங்கக்கூடியது. நனைந்த முடியின் மேற்பரப்பு, குறிப்பாகத் தேய்ந்த இடங்களில், எதிர்மின் ஏற்றம் உடையது. பூச்சிலுள்ள பெஹென்ட்ரிமோனியம், செட்ரிமோனியம் என்ற பெயருடைய பொருள்கள் நேர்மின் ஏற்றம் உடையவை. ஆகவே தேய்ந்த இடங்களைத் தேடிச் சென்று அவை படிகின்றன. கூடவே உள்ள டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன், மெல்லிய படலமாய்ப் படர்ந்து, ஈரம் உட்புகும் வேகத்தைக் குறைத்து, இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கச் செய்கிறது. செட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது முடியை வறட்டும் மதுசாரம் அன்று, மெழுகு போன்ற மென்மைப் பொருள்.

கவனிக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: கிளிசரின். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுப்பது. போத்தலில் பொருள்களின் பெயர்கள் பெரும்பாலும் அளவின் வரிசையில் இருக்கும். நீருக்கு அடுத்த இரண்டு மூன்று பெயர்களுக்குள் கிளிசரின் வருமாயின், அப்பூச்சு வாடைக்காலத்தில் சிலரது முடியை உப்பச்செய்து பிசுபிசுக்க வைக்கும். பட்டியலின் பின்பகுதியில் வருமாயின் பெரிதும் தொல்லையில்லை.

வழமையாய் எம் வீடுகளில் உள்ள தேங்காயெண்ணெயை ஒதுக்கச் சொல்கிறோமோ என்று கேட்பீர்கள். இல்லை, அதன் இடத்தை மாற்றச் சொல்கிறோம். தேங்காயெண்ணெயின் மூலக்கூறு சிறியது. முடியின் உள்ளே ஓரளவு புகக்கூடியது. இந்திய ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முழுகுவதற்கு முன்னும் பின்னும் பூசிய தேங்காயெண்ணெய், முடி புரதம் இழப்பதைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு குறைக்கவில்லை. ஆகவே முழுகுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அளவாகத் தடவுவது நல்லது. ஆனால் முழுகிய பின் ஈரக்கூந்தலில் வாரி ஊற்றினால், அது அலையின் வடிவைப் பிடித்து வைக்காது. முடி உலர்வதைத் தாமதப்படுத்திக் கனக்கவே செய்யும்.

ஒரு சனிக்கிழமை

மார்கழி மாதத்து ஒரு சனிக்கிழமை, வானம் மூடியிருந்த நாளில், எமது செய்முறையை நடத்தினோம். தலையை இரண்டாக வகிர்ந்து, வலப்பக்கம் அவளது பழைய முறைப்படியும் இடப்பக்கம் புதிய முறைப்படியும் செய்வதென்று தீர்மானித்தோம். கற்பிப்பவர்க்கு ஒப்பிட்டுப் பாராமல் எதையும் ஏற்க மனம் வராது.

முழுகும்போது இடப்பக்கத்தில் அலசிவிடும் கண்டிஷனரைப் பூசி, அது முடியில் இருக்கும்போதே அகன்ற பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாய் மேலேறிச் சிக்கெடுத்தோம். சிக்கெடுக்க உரிய வேளை இதுவே. இதன்பின் உலரும்வரை சீப்பு படக்கூடாது. அலசியபின், நீர் சொட்டிக்கொண்டிருக்கையிலேயே கழுவாமல் விடும் பூச்சை எடுத்தோம். முழுத் தலைக்கு ஒரு தேக்கரண்டி போதுமாகையால், பாதித் தலைக்கு அரைத் தேக்கரண்டி. இரு உள்ளங்கையிலும் பரப்பி, முடியை நடுவே வைத்து, கைகூப்புவதுபோல் அழுத்தி, காதளவிலிருந்து நுனிவரை வழுக்கிக்கொண்டே வந்தோம். உச்சந்தலையில் பூசவில்லை. பிறகு கையால் நுனியை ஏந்தி வேர்வரை பொத்தி அழுத்தினோம். நீர் போதுமானதாயின், ஈரச்சேற்றில் கால் வைப்பதுபோன்ற ஒரு 'சளக்' ஒலி கேட்கும். கேட்காவிடில் முடி முன்னரே காய்ந்துவிட்டது. சிறிது நீர் தெளிக்க வேண்டும்.

அதன்மேல் ஜெல் ஒரு தேக்கரண்டியில் பாதி. இது இழைகளைக் கூட்டங்கூட்டமாய்ப் பிடித்து, உலரும்வரை அசையாமல் காக்கும். ஆளிவிதையை வீட்டில் காய்ச்சியும் இதைப் பெறலாம்: கால் கோப்பை விதைக்கு 2 கோப்பை நீர், கிளறிக் காய்ச்சி, முட்டையின் வெள்ளைக்கருபோல் நூலிழுக்கும்போது இறக்கி, சூடு ஆறுமுன் வடித்துவிட வேண்டும். ஆறினால் வடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம், நாற்றமெடுத்தால் கொட்டிவிடுக. எனினும் இவ்வீட்டு ஜெல் தானே ஈரத்தை விரும்புவதாகையால், கடும் மழை நாளில் கடை ஜெல்லின் அளவுக்கு நின்றுபிடிப்பதில்லை.

அடுத்து, ரீசேட்டால் பொத்தி அழுத்தி நீரை எடுத்து, அதே துணியால் 10 நிமிடம் தளரச் சுற்றி வைத்தோம். பின் அவிழ்த்துவிட்டோம். வேனிலில் கச்சான் காற்று வீசும் நாளாயின் திண்ணையில் அமர்ந்தாலே போதும், முடி உலர்ந்துவிடும். மார்கழியிலோ பல மணி நேரம் செல்லும். முன்னாளில் எம் அன்னையர் சாம்பிராணிப் புகையில் கூந்தலை விரித்துக் காட்டியதன் ஒரு பயன் இந்த மெல்லிய சூடுதான். இன்று மின்சார முடி உலர்த்தி உண்டு. அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் நன்மையும் தீமையும்.

கொரிய ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு உதவுகிறது. உலர்த்தியை 5 சென்ரிமீற்றர் அளவு நெருங்கப் பிடித்தபோது வெப்பம் 95 பாகை வரை ஏறி, முடியின் மேற்பரப்பு பெரிதும் சிதைந்தது. 15 சென்ரிமீற்றர் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபோது வெப்பம் 47 பாகையளவே, சிதைவும் குறைவு. வியப்பூட்டும் மற்றொரு முடிவு யாதெனில், சூடே காட்டாமல் நெடுநேரம் ஈரமாய் விட்ட முடியிலும் உள்ளிருக்கும் பிணைப்புப் படலம் பாதிக்கப்பட்டிருந்தது. ஆகவே மாரியில் முடியை மாலைவரை ஈரமாய் விடுவதும் சிறந்ததன்று. நாம் உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில், அசைத்தவாறு பிடித்தோம். உலர்த்தி இல்லாத வீட்டிலும் மின்சாரம் நின்ற நாளிலும், மின்விசிறியின் எதிரே அல்லது அடுப்பங்கரைக்கு அண்மையில் புகைபடாமல் அமரலாம்.

உலரும்போது கையை முடியிலிருந்து விலக்கி வைப்பதே கடினமான பகுதி. பாதி உலர்ந்த முடியில் விரல் நுழைத்தால், கூடி நின்ற இழைகள் பிரிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். முழுவதும் உலர்ந்ததும் இடப்பக்கம் கஞ்சி போட்ட துணிபோல் விறைத்திருந்தது. அவள் முகம் சுளித்தாள். உள்ளங்கையில் 2 துளி தேங்காயெண்ணெய் தேய்த்து, முடியைப் பொத்திப் பொத்தி அழுத்தச் சொன்னோம். விறைப்பு உடைந்தது, அலை நின்றது.

மாலை 4 மணிக்கு கண்ணாடியின் முன் நிறுத்தினோம். வலப்பக்கம் வழக்கம்போல் சிலும்பி, இடப்பக்கத்தைவிடப் பருத்துத் தோன்றிற்று. இடப்பக்கத்தில் அலைகள் எண்ணத்தக்க அளவில் தனித்தனியே கிடந்தன. நெற்றியோரத்தில் மட்டும் சில குட்டைமுடிகள் எழுந்து நின்றன. அம்மம்மா அருகில் வந்து இரு பக்கத்தையும் தொட்டுப் பார்த்து, "இந்தப் பக்கம் ஆருடைய தலை?" என்று கேட்டார்.

தவறுவது எங்கே?

அடுத்த முழுக்கு நாளில், முழுத் தலைக்கும் அவளே செய்தாள், பயன் தரவில்லை. பார்த்தால், ஒரு தேக்கரண்டிக்குப் பதிலாக மூன்று பூசியிருந்தாள். அளவு மிகுந்தால் முடி உலர்ந்த பின்பும் ஈரம்போல் குளிர்ந்து, கயிறு கயிறாய்த் தொங்கும். அளவு குறைந்தால் கழுத்துப் பக்கத்து உள்முடி மட்டும் சிலும்பும். மூன்றாம் முறை அவசரத்தில், பாதி உலர்ந்த நிலையிலேயே பின்னிக்கொண்டு பேருந்தேறினாள்; பின்னலின் உள்ளே ஈரம் மாலைவரை தங்கி நாற்றம் எடுத்தது. ஆதலின் வேலை நாளின் காலையில் முழுகாமல், முதல் நாள் மாலையில் முழுகி, முற்றாய் உலர்ந்தபின் தளரப் பின்னி உறங்கச் சொன்னோம். காலையில் கையைச் சிறிது நனைத்து, எழுந்து நிற்கும் இழைகளை மட்டும் அழுத்திவிட்டால் போதும்.

சில வாரங்களில் முடி மந்தமாய், பூச்சை ஏற்காமல் வழுக்குவதாய்த் தோன்றினால், சிலிக்கோன் படிந்துவிட்டது என்று கொள்க. சாதாரண ஷாம்பு இட்டு ஒருமுறை நன்கு கழுவினால் சரியாகும். உச்சந்தலையில் அரிப்போ, செதில் உதிர்வதோ, வேரோடு முடி கொட்டுவதோ இருப்பின், அது இப்பூச்சுகளால் தீராது, வைத்தியரிடம் காட்டவேண்டியது.

முடியை நேராக்குவது பற்றியும் ஒரு சொல். அது மேற்சொன்ன உறுதியான கந்தகப் பிணைப்பையே அறுத்து மாற்றுவது. அல்லது மருந்து பூசிக் கடுஞ்சூட்டால் அழுத்துவது. பின்னைய வகை மருந்துகள் சிலவற்றிலிருந்து சூடுபடும்போது ஃபோர்மல்டிஹைட் என்ற ஆவி எழும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், அதை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றுள் சேர்த்தது. நேராக்கிய பகுதி நேராய் இருக்க, புதிதாய் வளரும் முடி அலையாகவே வளரும் என்பதால், சில மாதங்களில் மீண்டும் அதே செலவும் வரும்.

எமது முறை கூந்தலைப் பட்டுநூல்போல் நேராக்காது. புயல் மழை நாளில் முழு வெற்றியும் தராது. அலையை அலையாய் வைத்திருக்கும், அவ்வளவே. தை பிறந்தது. தமக்கையார் மகள் சேர்த்த காசில் ஒரு முடி உலர்த்தி வாங்கினாள். மீதியை அம்மம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். முதன்முறையாய்க் கூந்தலைத் தளரக் கட்டிக்கொண்டு வகுப்பில் நின்ற அன்று, முன்வரிசையில் இருந்த அலைமுடிச் சிறுமி ஒருத்தி, "ரீச்சர், உங்களுக்கும் என்னைப்போலத்தானா முடி?" என்று கேட்டாளாம். மறுநாள் எம்மிடம் வந்து, ஆளிவிதை காய்ச்சும் அளவை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள்; அச்சிறுமியின் தாயாருக்குக் கொடுப்பதற்காக.